கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டால்

"எப்பவாச்சும்ங்க மேடம். ஊர்ல விசேசம், கிடா வெட்டுன்னா ஒரு கட்டிங். அவ்வளவுதானுங்க."

17 வருடமாக ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பதிலை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. சொல்பவர் என்னைப் பார்த்துச் சொல்ல மாட்டார், பக்கத்தில் நிற்கும் மனைவியைப் பார்த்துத்தான் சொல்வார். அந்தம்மா தலையைக் குனிந்துகொள்ளும்.

ஒருத்தருடைய கதையைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், மற்றது நடந்தபடியே. 46 வயது, விசைத்தறி ஓட்டுபவர். வியாழக்கிழமை ராத்திரி 9 மணிக்கு வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை முழுக்க எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, வெறும் வயிறு. சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஆபரேஷன், எலும்புக்குள் கம்பி வைப்பது. முதல் நாள் நான் போய்ப் பார்த்தபோது மேலே சொன்ன பதில்தான் கிடைத்தது. மனைவி, மச்சான், மாமியார் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நானும் "சரிங்க" என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றவர்களை வெளியே போகச் சொல்லாதது என் தப்பு, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆபரேஷன் டேபிளில் அவர் கை லேசாக நடுங்கியது. நாடித்துடிப்பு 118, ரத்த அழுத்தம் 170க்கு 100. உள்ளங்கை ஈரமாக இருந்தது. பயம் என்று நினைத்தேன், வலி என்று நினைத்தேன். முதுகுத் தண்டில் ஊசி போட்டோம், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சனிக்கிழமை ராத்திரி அவர் கண் மூடவே இல்லை என்று நர்ஸ் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எரிச்சல், வியர்வை, 101 டிகிரி காய்ச்சல். நடுராத்திரி தாண்டி 2 மணிக்கு எனக்குப் போன் வந்தது.

போய்ப் பார்த்தால் மனிதர் கட்டிலில் உட்கார்ந்து தறி ஓட்டிக்கொண்டிருக்கிறார். அந்தரத்தில் அறுந்த இழையை இரண்டு விரலால் எடுக்கிறார், நாக்கில் வைத்து ஈரம் செய்கிறார், முடிச்சுப் போடுகிறார், இழுத்துப் பார்க்கிறார், அடுத்த இழைக்குப் போகிறார். அவ்வளவு துல்லியமாக. நடுவில் போர்வையில் ஊர்கிற எறும்பைத் தட்டிவிடுகிறார், எறும்பே இல்லை. "பாவு அறுந்து கெடக்குது, ஓனர் வந்துருவாரு" என்று இறங்கப் பார்த்து, ஆபரேஷன் செய்த காலை ஊன்றி, தையல் விட்டு, கட்டு முழுக்க ரத்தம்.

இதில் டாக்டர்களுக்கு என்ன குழப்பம் வரும் என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தொடை எலும்பு முறிந்தால் எலும்புக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலையும் மூளையையும் அடைக்கலாம். அதுவும் பெரும்பாலும் ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள்தான் வரும், அதிலும் ஆள் குழம்பிப் பேசுவார், நாடி ஓடும், காய்ச்சல் வரும். வண்டியிலிருந்து விழுந்தவர் என்பதால் தலைக்குள் ரத்தக் கசிவா என்று ஒரு சந்தேகம். கிருமித் தொற்றா என்று இன்னொன்று. ஆகவே அந்த ராத்திரியில் தலைக்கு சி.டி. ஸ்கேன், நெஞ்சுக்கு எக்ஸ்ரே, ரத்தம் மறுபடி. தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தது, அக்குளிலும் கண்ணின் உள் இமையிலும் கொழுப்பு அடைப்பில் வரும் சிவப்புப் புள்ளிகளும் இல்லை. அப்புறம்தான் கல்லூரியில் படிக்கும் பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "தெனமும் ரெண்டு குவார்ட்டருங்க மேடம். காலைல எந்திரிச்சதும் கொஞ்சம் குடிச்சாத்தான் கை நடுங்காம தறிக்குப் போவாருங்க."

இந்த ஒரு வாக்கியம் வெள்ளிக்கிழமை கிடைத்திருந்தால் போதும்.

டாஸ்மாக் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் சுத்தமான ஆல்கஹால் ஏறத்தாழ 60 கிராம். இரண்டென்றால் 120. தினமும் அது மூளையை அமுக்குகிறது. மூளை சும்மா இருக்காது, அதற்கு எதிராக எக்கி எக்கி நிற்கப் பழகிவிடும். நம் ஊர்க் கிணற்றில் லாரி டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்தால் எப்படித் துள்ளி மேலே வரும்? அதுதான் நடக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்த நிமிடத்தில் குடி நின்றுவிடுகிறது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு, மூன்று நாள் கழித்து இந்த மாதிரி பிதற்றல் வரும், மருத்துவம் செய்யாவிட்டால் உயிரே போகலாம். அவர் கடைசியாகக் குடித்தது வியாழன் ராத்திரி 8 மணி. நான் டேபிளில் பார்த்த நடுக்கம் 38 மணி நேரத்து நடுக்கம். எல்லாமே கடிகாரம் பார்த்த மாதிரி வந்திருக்கிறது. எனக்கு அந்த 8 மணிதான் தெரியாமல் போய்விட்டது.

ஐ.சி.யூ.வில் லோராசெபாம் ஊசி கொடுத்தோம், அது மதுவுக்குப் பதிலாக மூளையை மெதுவாக அமுக்கிப் பிடித்துப் படிப்படியாக விடும். பி1 வைட்டமினான தயமின் ஊசியும் போட்டோம். ரொம்ப நாள் குடித்தவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கே சேதம் வரலாம். நாலாவது நாள்தான் மனைவியை அடையாளம் தெரிந்தது. நடுவில் மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தையலைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஆபரேஷனை நிறுத்தியிருக்க மாட்டேன். இதைப் பல பேர் தப்பாக நினைக்கிறார்கள், சொன்னால் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள் என்று. வெள்ளிக்கிழமையே மாத்திரையையும் தயமினையும் தொடங்கியிருப்பேன். நடுக்கம், வியர்வை, படபடப்பு இதையெல்லாம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் மதிப்பெண் போட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பேன், மதிப்பெண் ஏறினால் மருந்தை ஏற்றுவோம். அநேகமாக அவர் தறி ஓட்டாமல் தூங்கியிருப்பார்.

"இடுப்புல ஊசி போடறதுதானே, அதுக்கு எதுக்குக் குடிக்கிறதச் சொல்லணும்" என்றும் கேட்கிறார்கள். மரத்துப்போவது இடுப்புக்குக் கீழே மட்டும்தான். குடி நின்றதால் வரும் கோளாறு மூளையில் நடக்கிறது, எந்த மயக்கம் கொடுத்தாலும் அது வரும். தவிர, குடியால் ஈரல் கெட்டிருந்தால் ரத்தம் உறைவது குறையும், தட்டணுக்களும் குறையும். அப்படிப்பட்டவருக்கு முதுகில் ஊசி குத்தினால் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் ரத்தம் கட்டி அழுத்தக்கூடும், கால் விளங்காமல் போகலாம். குடி பற்றித் தெரிந்தால் அந்தப் பரிசோதனைகளை இன்னும் கவனமாகப் பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொடுவேன். முழு மயக்கம் என்றாலும் கணக்கு மாறும். "குடிகாரனுக்கு மயக்க மருந்து ஏறாது" என்று ஊரில் சொல்வதில் பாதி உண்மை, தூங்க வைக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படும். ஆனால் குடியால் இதயம் தளர்ந்திருந்தால் அந்தக் கூடுதல் மருந்திலேயே ரத்த அழுத்தம் விழுந்துவிடும்.

கஞ்சா விஷயமும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது 20, 22 வயதுப் பையன்களிடம் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். இழுத்த கொஞ்ச நேரத்துக்கு இதயம் தாறுமாறாக ஓடும், மாரடைப்பு ஆபத்தும் கூடும். 2023இல் அமெரிக்காவின் வட்டார மயக்கவியல், வலி மருத்துவச் சங்கம், மயக்கம் கொடுக்கும் முன் எல்லா நோயாளியிடமும் கஞ்சா பற்றிக் கேட்க வேண்டும், புகைத்திருந்தால் அவசரமில்லாத ஆபரேஷனைக் குறைந்தது 2 மணி நேரமாவது தள்ள வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. தினமும் இழுப்பவருக்கு மயக்க மருந்தும் கூடுதலாக வேண்டும், ஆபரேஷனுக்குப் பிறகு வலியும் கூடுதலாக இருக்கும். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பையன்கள் இதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு நாங்கள் வழக்கமாகப் போடும் வலி ஊசி போதாது, பென்டாசோசின் மாதிரி சில ஊசிகளைப் போட்டால் வலி குறையாமல் அந்த நிமிடமே உடம்பு முறுக்கத் தொடங்கிவிடும்.

ஏன் மறைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மாமியார் முன்னால் சொல்ல முடியாது. கேஸ் ஷீட்டில் எழுதினால் இன்சூரன்ஸ்காரன் பணம் தரமாட்டான் என்று யாராவது சொல்லி வைத்திருப்பார்கள். அந்தப் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன், குடியால் வந்த நோய்க்கும் விபத்துக்கும் பணம் இல்லை என்று சொல்லும் பாலிசிகள் இருக்கின்றன. ஆனால் அந்த மனிதருக்கு ஐ.சி.யூ. செலவு, இரண்டாவது முறை தியேட்டர் செலவு எல்லாம் சேர்ந்து முதல் பில்லைத் தாண்டிவிட்டது. மறைத்ததால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகவில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களைப் பார்த்தால்தான் எனக்கு மனசு தாங்காது. குடலிறக்கத்துக்கோ பித்தப்பைக்கோ தேதி குறித்ததும், டாக்டர் திட்டுவாரே என்று இரண்டு நாள் முன்பு தானாகவே வைராக்கியமாக நிறுத்திவிட்டு வருவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தினமும் நிறையக் குடித்தவர் அப்படி நிறுத்தினால், நடுக்கமும் வலிப்பும் சரியாக ஆபரேஷன் நாளில் வந்து நிற்கும். அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் தேதி குறிக்கும்போதே சொல்லுங்கள். மருந்தின் துணையோடு நிறுத்தி, ஒரு மாதமாவது விட்டு ஆபரேஷன் செய்தால், அதன் பிறகு வரும் தொல்லைகள் நன்றாகக் குறைகின்றன, டென்மார்க்கில் 1999லேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

எல்லார் முன்னாலும் சொல்ல முடியாதென்றால் "டாக்டர், தனியா ஒரு வார்த்தை பேசணும்" என்று மட்டும் சொல்லுங்கள், மற்றவர்களை நாங்கள் வெளியே அனுப்பிக்கொள்கிறோம். என்ன, எவ்வளவு, தினமுமா, கடைசியாக எத்தனை மணிக்கு. எங்களுக்கு இந்த நாலும் போதும். நான் இப்போது யாரிடமும் "குடிப்பீங்களா" என்று கேட்பதில்லை, "ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகுதுங்க" என்றுதான் கேட்கிறேன். குடிக்காதவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள், பரவாயில்லை.

அந்தத் தறிக்காரர் ஒன்றரை வருடம் கழித்துக் கம்பியை எடுக்க வந்தார். மனைவி கூடவே இருந்தது. நான் நோட்டைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "தெனமும் ஒரு குவார்ட்டருங்க மேடம். கடைசியா குடிச்சது நேத்து ராத்திரி ஏழரைக்கு." அப்படியே எழுதிக்கொண்டு, அன்றைக்கே மாத்திரையை ஆரம்பித்து, ஆபரேஷனை ஒன்றரை மாதம் தள்ளி வைத்தோம்.