பலகாரக் கடைக்குச் செயலி வேண்டுமா? பதில் ஓடர் கொப்பியில் இருக்கிறது

வெள்ளவத்தையில் பலகாரக் கடை நடத்தும் என் சின்னம்மாவின் மகள், சென்ற மாதம் ஒரு கொட்டேஷனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அண்ட்ராய்ட், ஐபோன் இரண்டுக்கும் செயலி செய்து தருவதாக ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். "காலி வீதியிலே எல்லாக் கடைக்காரரும் ஆப் வைச்சிருக்கினம் அண்ணா, எங்களுக்கு மட்டும் இல்லை" என்றாள். தொகையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கடையின் ஓடர் கொப்பியை எடுத்து வரச் சொன்னேன்.

மூன்று மாதப் பக்கங்களில் 240 ஓடர்கள் இருந்தன. தொலைபேசி இலக்கங்களைத் தனியே எழுதிப் பார்த்தபோது வேறுவேறான இலக்கங்கள் 203 வந்தன. மூன்று முறை அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் 11 பேர் மட்டுமே. அவர்களிலும் நால்வர் கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர்கள்; எந்தச் செயலி வந்தாலும் அவர்கள் தொலைபேசியில் பேசித்தான் விலை முடிப்பார்கள். சாமத்தியச் சடங்குக்கு அரியதரமும் பயற்றம் பணியாரமும் கேட்டு வருபவர், அடுத்த விசேஷம் வரும்வரை அந்தக் கடையை நினைப்பதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை வாங்கும் கடைக்காக எவரும் தம் கைபேசியில் ஒரு செயலியை வைத்திருக்கமாட்டார், நானே வைத்திருக்கமாட்டேன். ரொறன்ரோவில் இருந்துகொண்டு கொழும்பிலுள்ள தாய்க்குத் தீபாவளிப் பலகாரம் அனுப்பச் சொல்லும் மகனுக்கும், வட்ஸ்அப்பில் வரும் ஓர் இணைப்பைத் தொட்டவுடன் விலைப்பட்டியல் திறந்தால் போதும்.

செலவு, செய்து முடித்த நாளோடு நிற்பதுமில்லை. கூகுள் பிளேயில் பதிவதற்கு ஒரு தடவை 25 டொலர், அப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டொலர். தனிநபர் பெயரில் புதிதாகக் கணக்குத் திறந்தால், குறைந்தது 12 பேர் 14 நாட்கள் தொடர்ச்சியாகச் சோதனையில் இணைந்திருந்த பிறகே கூகுளிடம் வெளியீட்டு அனுமதி கேட்க முடியும். அண்ட்ராய்டின் புதிய பதிப்புகளுக்கு ஏற்பச் செயலியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால், காலப்போக்கில் புதிய கைபேசி வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் பிளேயிலேயே அது தென்படாது. இருக்கும் இணையத்தளத்தையே ஒரு செயலிக்குள் பொதிந்து அனுப்பினால், இணையத்தளத்துக்கு மேலாக இதில் ஒன்றுமில்லை என்று அப்பிள் நிராகரிக்கலாம். கொட்டேஷனில் இவற்றில் ஒன்றுக்கும் ஒரு வரிகூட இருக்கவில்லை.

அதற்காகக் கடையின் இப்போதுள்ள இணையத்தளமே போதும் என்றும் நான் சொல்லவில்லை, ஏனென்றால் அது உண்மையில் மோசமாக இருந்தது. 100ஆம் இலக்கப் பஸ்ஸில் இருந்தபடி கைபேசி டேட்டாவில் திறந்து பார்த்தேன். பம்பலப்பிட்டியில் தொட்ட பக்கம் கொள்ளுப்பிட்டி தாண்டியும் முழுதாக வரவில்லை. முகப்பில் 16 படங்கள். கைபேசியில் எடுத்தபடியே ஏற்றியதால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 எம்பி. முறுக்குத் தட்டொன்றைப் பார்ப்பதற்கு வாடிக்கையாளர் 60 எம்பிக்கு மேல் செலவழிக்க வேண்டியிருந்தது. படங்களை 1000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, கோப்பின் அளவைக் குறைக்கும் வெப்பி (WebP) வடிவில் சேமித்தபோது, எல்லாம் சேர்ந்து 2 எம்பிக்குள் அடங்கின.

ஓடர் படிவத்தில் இன்னொரு சங்கடம் இருந்தது. தொலைபேசி இலக்கம் கேட்கும் இடத்தைத் தொட்டால் எழுத்து விசைப்பலகை வந்தது. ஐபோனில் பக்கம் தானாகவே பெருத்து, அனுப்பும் பொத்தான் திரைக்கு வெளியே போனது. எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் ஐபோன் அப்படித்தான் செய்யும். இரண்டுக்கும் மருந்து ஒரே வரியில் இருந்தது:

```html
<input type="tel" autocomplete="tel" style="font-size:16px">
```

பக்கத்தின் அடியில் கடையின் வட்ஸ்அப் உரையாடலைத் திறக்கும் `wa.me` இணைப்பையும் வைத்தோம். முகநூல் விளம்பரத்தைத் தொட்டு வருபவர்களுக்குத் தளம் முகநூலின் உள் உலாவியில்தான் திறக்கும் என்பதால், அங்கேயும் ஒருமுறை ஓடர் போட்டுப் பார்த்தோம்.

செயலிக்குத் தேவையுள்ள தொழில்கள் இல்லாமலில்லை. வீடு வீடாகப் பொருள் கொண்டு போகும் பையன்களின் இருப்பிடத்தை, கைபேசித் திரை அணைந்திருக்கும்போதும் பின்தொடர வேண்டுமென்றால், இணையத்தளத்தால் அதை நம்பகமாகச் செய்ய முடியாது. ஒரே வாடிக்கையாளர் வாரத்தில் பலமுறை வாங்கும் தொழிலிலும் என் பதில் வேறாகவே இருக்கும். ஆனால் "அறிவித்தல் அனுப்பத்தானே ஆப்" என்று கொட்டேஷன் தந்தவர் சொன்னது இப்போது பாதியளவே உண்மை. அண்ட்ராய்டில் உலாவி வழியாகவே அறிவித்தல் அனுப்பலாம். ஐபோனில் 2023இல் வந்த 16.4 பதிப்பிலிருந்து அது இயலும், ஆனால் வாடிக்கையாளர் முதலில் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்திருக்க வேண்டும். பலகாரம் வாங்க வருபவர்களில் எத்தனை பேர் அதைச் செய்வார்கள் என்று கேட்டால், எனக்கு நம்பிக்கை குறைவு.

தங்கச்சி கொட்டேஷனைக் கிழிக்கவில்லை. கொப்பியின் பின் அட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறாள். தீபாவளி முடிந்தபின் மறுபடியும் இலக்கங்களை எண்ணுவோம் என்றும், மூன்று தடவையோ அதற்கு மேலோ வாங்குபவர்கள் அந்த 11இலிருந்து நூறைத் தாண்டினால் அந்த ஆளை அழைப்பது என்றும் எங்களுக்குள் பேச்சு.