எஃப் தாண்டிவிட்டது என்பதற்காக எல்லா நட்சத்திரமும் உண்மையாகிவிடாது

போன வாரம் ஒரு ஆராய்ச்சி மாணவி கணினித் திரையை அப்படியே போனில் படம்பிடித்து அனுப்பியிருந்தார். பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் அனோவாவுக்குப் பிறகு வரும் ஜோடி ஒப்பீட்டு அட்டவணை. Sig. மதிப்பு .05-க்குக் கீழே வந்த ஜோடிகளுக்கு அதில் நட்சத்திரம் விழும். "சார், நட்சத்திரம் விழுந்ததை எல்லாம் முடிவுகளில் எழுதிவிடலாமா?" என்று கேட்டிருந்தார். இந்தக் கேள்வி பலரிடமிருந்து வருகிறது, பலரும் எழுதியும் விடுகிறார்கள். அதனால்தான் இந்த நீளமான பதிவு.

ஆறு குழுக்கள், குழுவுக்குப் பத்து பேர். சராசரிகள் வரிசையாக 41.0, 42.1, 43.3, 45.4, 43.0, 52.0. எல்லாக் குழுக்களையும் ஒன்றாகச் சோதிக்கும் எஃப் மதிப்பு 7.87, Sig. இடத்தில் .000. ஆறாவது குழு மற்ற ஐந்திலிருந்தும் விலகி நிற்பது கண்ணுக்கே தெரிகிறது. அந்த ஐந்து ஜோடிகளுக்கும் நட்சத்திரம் உண்டு. கூடவே ஆறாவதாக ஒன்று: ஒன்றாம் குழுவுக்கும் நான்காம் குழுவுக்கும் இடையே 4.4 வித்தியாசம், Sig. .032. என் சந்தேகம் இந்த ஒன்றின் மேல்தான்.

முதலில் எந்தச் சோதனை ஓடியது என்று பார்க்க வேண்டும். அதன் பெயர் இருக்கும் ஓரம் படத்தில் வெட்டுப்பட்டிருந்தது. ஆனாலும் கண்டுபிடிக்க முடியும். அந்த வரியில் Std. Error 2.00, நம்பக இடைவெளி 0.39 முதல் 8.41 வரை. இடைவெளியில் பாதி 4.01, அதை 2.00-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.005 வருகிறது. பிழையின் விடுதலைப் பாகை 54-க்கு, ஒரே ஒரு ஒப்பீடு செய்யும்போது பயன்படுத்தும் டி வரம்பு இதுதான். அதாவது ஓடியது ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாகச் சோதிக்கும் LSD. எல்லா ஜோடிகளையும் சேர்த்துக் கணக்கில் எடுக்கும் டூக்கி முறையாக இருந்தால் சுமார் 2.95 வந்திருக்கும்.

ஒரே ஒரு ஒப்பீட்டுக்கான வரம்பை இங்கே 15 ஜோடிகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறோம். (அட்டவணையில் 30 வரி இருக்கும், ஒவ்வொரு ஜோடியும் முன்னும் பின்னுமாக இரண்டு முறை வருகிறது.) எந்தக் குழுவிலும் உண்மையான வித்தியாசமே இல்லையென்றாலும் ஒவ்வொரு ஜோடிக்கும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பில் நட்சத்திரம் விழும். 15 × 0.05, சராசரியாக 0.75 பொய் நட்சத்திரம்.

"ஆனால் எஃப் முதலில் தாண்டிவிட்டதே, அது காவல்தானே?" என்பார்கள். நானும் பல வருடம் இப்படித்தான் நம்பினேன். எல்லாக் குழுக்களும் உண்மையில் சமமாக இருக்கும் நிலையில் அந்தக் காவல் வேலை செய்யும். மூன்றே குழு என்றால் எப்போதுமே போதும். இங்கே நடந்தது வேறு. ஆறாவது குழு ஒன்றே எஃப்-ஐத் தூக்கிவிட்டது. அது திறந்த கதவு வழியாக மற்ற ஐந்து குழுக்களின் 10 ஜோடிகளும் எந்தக் காவலும் இல்லாமல் உள்ளே வந்துவிட்டன. அந்த ஐந்தும் உண்மையில் சமம் என்று வைத்துக்கொண்டால், குறைந்தது ஒரு பொய் நட்சத்திரமாவது விழும் வாய்ப்பு கால் பங்குக்கும் மேல்.

அதைச் சோதித்தும் பார்க்கலாம். ஆறாவது குழுவை விட்டுவிட்டு, அதே உட்குழு வேறுபாட்டை வைத்து, மீதி ஐந்துக்கு மட்டும் எஃப் கணக்கிட்டேன். 1.33 வந்தது. தாண்ட வேண்டிய வரம்பு 2.54. அந்த ஐந்தை மட்டும் ஆராய்ந்திருந்தால் 1–4 ஜோடியை யாரும் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஐந்தில் மிகச் சிறிய சராசரி 41.0, மிகப் பெரியது 45.4. நம் கண் பட்டது சரியாக அந்த இரண்டு முனைகளில்தான். சமமான ஐந்து குழுக்களிலும் கூட, தற்செயலாகவே ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் இருக்கும். குழுக்கள் கூடக்கூட முனைகளுக்கு இடையிலான தூரமும் கூடும். டூக்கி முறை இந்தத் தூரத்தையே கணக்கில் எடுத்து வரம்பை வைக்கிறது. இங்கே LSD-க்கு 4.01 வித்தியாசம் போதும். டூக்கிக்கு சுமார் 5.91 வேண்டும்.

நான் திட்டமாகச் சொல்வது: எல்லா ஜோடியையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால், மூன்று குழுவுக்கு மேல் LSD-ஐ டிக் செய்யாதீர்கள். தரவைப் பார்ப்பதற்கு முன்பே 1–4 ஜோடியை மட்டும்தான் கேட்கப் போகிறோம் என்று எழுதி வைத்திருந்தால் கதை வேறு, அந்த .032 அப்படியே செல்லும். படத்தைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுத்துவிட்டு "திட்டமிட்ட ஒப்பீடு" என்று எழுதுவது மட்டும் கூடவே கூடாது.

அப்புறம் டூக்கியை ஓட்டச் சொன்னேன். ஆறாவது குழுவின் ஐந்து நட்சத்திரங்களும் அப்படியே நின்றன. மிகச் சிறிய வித்தியாசமான 6–4 கூட 6.6 என்பதால் தாண்டிவிட்டது. 1–4 ஜோடியின் நட்சத்திரம் போய்விட்டது. அதன் இடைவெளி இப்போது −1.51 முதல் 10.31 வரை. "இரண்டும் சமம் என்று எழுதலாமா?" என்று உடனே கேட்டார். அதுவும் முடியாது. பத்து வரை வித்தியாசம் இருக்கவும் இடமிருக்கிறது. இந்தத் தரவை வைத்து அந்த ஜோடியைப் பற்றி முடிவு சொல்ல முடியவில்லை என்றே எழுதச் சொன்னேன்.