பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒன்றேகால் மணி நேரம்: ஜேஏஐஐபி படித்த கதை

எங்கள் கிளையில் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை போன வாரம் கேட்டாள், "அக்கா, ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு ஜேஏஐஐபி எப்படிப் படிச்சீங்க, டைம்டேபிள் இருந்தா அனுப்புங்க" என்று. அனுப்பினேன். ஆனால் அந்தத் தாளை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது, அது ஏன் அப்படி இருக்கிறது என்பதைச் சொன்னால்தான் பயன்படும். அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வங்கியில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜேஏஐஐபி என்பது வங்கி ஊழியர்களுக்கு மும்பையில் இருக்கும் ஐஐபிஎஃப் என்ற வங்கியியல் கல்வி நிறுவனம் நடத்தும் தேர்வு. 2023-ல் பாடத்திட்டம் மாறியபோது மூன்று தாள் நான்கானது. இந்தியப் பொருளாதாரமும் நிதி அமைப்பும், வங்கிக் கோட்பாடும் நடைமுறையும், கணக்கியலும் நிதி மேலாண்மையும், சில்லறை வங்கியியலும் செல்வ மேலாண்மையும். ஒவ்வொன்றும் 100 மதிப்பெண், இரண்டு மணி நேரம், தப்பான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். ஒவ்வொரு தாளிலும் 50 வேண்டும். நான்கையும் ஒரே முறையில் எழுதி மொத்தத்தில் 50 சதவீதம் வந்தால், ஒவ்வொன்றிலும் 45 போதும். பாஸ் பண்ணினால் ஒரு இன்கிரிமென்ட்.

முதலில் நான் செய்த தப்பு. ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்த டைம்டேபிளை அப்படியே பிடித்துக்கொண்டேன். இரவு 9 முதல் 1 மணி வரை, ஏழு நாளும். ஜூலையில் ஆரம்பித்து மூன்று வாரம் விடாமல் செய்தேன். மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை கேஷ் கவுண்டரில் 2,000 ரூபாய் குறைந்தது. நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள் யாருக்கோ கூடப் போயிருக்கிறது. எண்ணி எண்ணிப் பார்த்தும் கிடைக்கவில்லை, என் கையிலிருந்து கட்டினேன். பணம் போனதைவிட, எந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்போது தவறியது என்று ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லையே, அதுதான் பயமாக இருந்தது. அன்றைக்கு அந்த டைம்டேபிளைக் கிழித்துப் போட்டேன். கல்யாணமாகாத, ஹாஸ்டலில் இருக்கும் ஒருவர் தனக்காகப் போட்டுக்கொண்ட நேரத்தை, காலை ஐந்தரைக்கு எழுந்து இரண்டு டிபன் பாக்ஸ் கட்டுகிறவள் பின்பற்றக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்தே இல்லை.

நாலு மணிக்கு எழுந்து படி என்பார்கள். அதையும் பார்த்தேன். சின்னவளுக்கு அப்போது நாலு வயது, நான் பக்கத்தில் இல்லையென்றால் பத்து நிமிடத்தில் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுவாள். அதனால் எனக்கு இரவுதான் வாய்த்தது.

ஆகஸ்டில் புதிதாகப் போட்ட அட்டவணை இது. செவ்வாய், புதன், வெள்ளி, சனி, நாலே நாள். 9.45 முதல் 11 வரை. 11.15-க்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். திங்கட்கிழமை புத்தகத்தைத் தொடுவதில்லை, ஞாயிறு முடிந்து வருகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு அன்றைக்குத் தலையில் எதுவும் ஏறாது. வியாழன் காலியாகவே இருக்கும், மற்ற நாளில் ஒன்று கெட்டுப்போனால் ஈடுகட்ட. மாதத்தின் முதல் ஐந்து நாள் பென்ஷன், சம்பளக் கூட்டம், அந்த நாட்களில் பாதி நேரம் மட்டும். செப்டம்பர் 30 அரையாண்டுக் கணக்கு முடிப்பு, அந்த வாரமே கிடையாது என்று முதலிலேயே அடித்துவிட்டேன். இப்படி அடிப்பது முக்கியம். இல்லாவிட்டால் அந்த வாரம் முடிந்ததும் பின்தங்கிவிட்டோம் என்ற பதற்றத்தில் மறுபடி ஒரு மணி வரை உட்காரத் தோன்றும்.

இதோடு ஞாயிறு இரண்டு மணி நேரம், வீட்டுக்காரர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். ஆக வாரத்துக்கு ஏழு மணி நேரம், பதினொரு வாரத்துக்கு 77. டைரியில் குறித்து வைத்திருந்தேன், உண்மையில் படித்தது 52 மணி நேரம். பையனுக்குக் காய்ச்சல், நாத்தனார் வீட்டு வளைகாப்பு, கரண்ட் கட். யார் அட்டவணை போட்டாலும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துக்கொண்டு போடுங்கள்.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை மணி நேரம் என்பதைவிட, எந்த நேரத்தில் எந்தத் தாள் என்பதில்தான் நான் கோட்டைவிட்டேன். கஷ்டமான தாளைத் தலை தெளிவாக இருக்கும்போது படி என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் கணக்கியல் தாளை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தேன், பொருளாதாரத்தையும் கோட்பாட்டையும் இரவுக்கு வைத்தேன். என்ன ஆனது? இரவு பத்து மணிக்குப் பணவீக்கத்தைப் பற்றிய ஒரே பக்கத்தை மூன்று முறை படிப்பேன், கண் வரியில் ஓடும், உள்ளே எதுவும் போகாது. ஞாயிறோ யாராவது வீட்டுக்கு வந்துவிடுவார்கள், அல்லது நாங்கள் எங்காவது போக வேண்டியிருக்கும். எல்லாவற்றிலும் அதிகமாகக் கெட்டது ஞாயிறுதான். அதாவது இருப்பதிலேயே கஷ்டமான தாளுக்கு இருப்பதிலேயே நம்பி இருக்க முடியாத நேரத்தைக் கொடுத்திருக்கிறேன். முடிவு வந்தது: 54, 58, 61, கணக்கியல் 43. இரண்டே இரண்டு மதிப்பெண்ணில் போனது. அன்றைக்கு அழுதேன், அதை மறைக்கவில்லை.

நல்லவேளை, பாஸான தாள்கள் அப்படியே கணக்கில் இருக்கும், தவறியதை மட்டும் அடுத்த முறை எழுதலாம். அடுத்த முறை கணக்கியலைத் தூக்கி இரவுக்குக் கொண்டுவந்தேன். வாரம் மூன்று இரவு, பேனா, ரஃப் நோட்டு, 12 இலக்கச் சாதாரண கால்குலேட்டர். அப்போதுதான் தெரிந்தது, களைத்த தலைக்கு வாசிப்புதான் எதிரி, கணக்கு இல்லை. கை ஓடிக்கொண்டிருந்தால் தூக்கம் வராது. விடை சரியா தப்பா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், படித்தது போல நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள முடியாது.

ஒரு கணக்கைக் காட்டுகிறேன். 5 லட்சம் கடன், ஆண்டுக்கு 12 சதவீதம், 5 வருடம், மாதத் தவணை எவ்வளவு?

```
EMI = P × r × (1+r)^n / ((1+r)^n − 1)
P = 500000, r = 0.01, n = 60
```

சாதாரண கால்குலேட்டரில் 1.01-ஐ அறுபது முறை பெருக்க வேண்டியதில்லை. ஐந்து முறை பெருக்கினால் 1.05101. அதை மூன்று முறை பெருக்கினால் 15 மாதத்துக்கு 1.16097. அதை அதாலேயே பெருக்கினால் 30 மாதத்துக்கு 1.34785, இன்னொரு முறை பெருக்கினால் 60 மாதத்துக்கு 1.8167. அப்புறம் 5,000-ஐ 1.8167-ஆல் பெருக்கி 0.8167-ஆல் வகுத்தால் 11,122 ரூபாய். இடையில் வரும் எண்களை மட்டும் சுருக்காமல் முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். கை பழகிவிட்டால் ஒன்றரை நிமிட வேலை. இந்தப் பழக்கம் புத்தகத்தைப் பார்த்து வராது, இரவு இரவாகப் போட்டால்தான் வரும்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு நாள் இதே கணக்கில் மாத வட்டி 0.01 போடுவதற்குப் பதில் 0.12 போட்டு, n மட்டும் 60 என்று வைத்து, தவணை 60,000 ரூபாய் சொச்சம் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறேன். 5 லட்சம் கடனுக்கு மாதம் அறுபதாயிரம் வீதம் அறுபது மாதம் கட்டினால் 36 லட்சம்! பகலில் என் கவுண்டரில் யாராவது இப்படிச் சொன்னால் ஒரு நொடியில் பிடித்துவிடுவேன். தப்பாகப் போட்டது பெரிய விஷயமில்லை, விடையைப் பார்த்தும் உறைக்கவில்லை பாருங்கள், அதுதான் அடையாளம். அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். இந்த மாதிரி அசட்டுத் தப்பு அடுத்தடுத்து இரண்டு வந்தால் மணி 10.20 ஆக இருந்தாலும் நோட்டை மூடிவிடுவேன். அதற்கு மேல் போடும் கணக்கில் தப்பான வழிதான் கைக்குப் பழகும்.

மனப்பாடம் செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன, அவற்றுக்குக் கடைசிப் பத்து நிமிடம். ஒரு இரவுக்கு ஒரே ஒரு விஷயம். உதாரணமாக, செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு. ரிட்டர்ன் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் கிடைத்தவர் பணம் கொடுக்க 15 நாள், கொடுக்காவிட்டால் அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். படித்தவுடன் தூங்கிவிடுவேன். காலையில் பால் காய்கிற நேரத்தில் புத்தகத்தைப் பார்க்காமல் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்ப்பேன். தூக்கத்தில்தான் படித்தது மனதில் படிகிறது, அதனால் தூக்கத்தைப் படிப்பு நேரத்தில் சேர்த்தே கணக்குப் பண்ணுகிறேன். காலையில் 30-ம் 15-ம் இடம் மாறிப்போனால் அதே பத்தி அடுத்த இரவுக்கும் போகும். பகலில் கவுண்டரில் ஒரு ரிட்டர்ன் மெமோ கையில் வந்தால் மனதுக்குள் மறுபடி ஒரு முறை. கோட்பாட்டுத் தாளிலும் சில்லறை வங்கியியலிலும் பாதி நம் அன்றாட வேலைதான், அதற்கு இரவைச் செலவழிக்காதீர்கள். பொருளாதாரம் மட்டும் வாசித்தே ஆக வேண்டும், அதைப் பஸ்ஸிலும் மதிய இடைவேளையிலும் பத்துப் பத்துப் பக்கமாக முடிக்கலாம்.

பிள்ளையைத் தூங்க வைக்கப் போய் நாமும் தூங்கிவிடுவது இருக்கிறதே, அதுதான் பெரிய ஓட்டை. முதல் முறை எத்தனை இரவு அப்படிப் போனது! பிறகு அவளைப் படுக்கவைத்துவிட்டு நான் படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தட்டிக்கொடுத்தேன். படிக்கிற நாட்களில் பாத்திரத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்று ஆரம்பத்திலேயே பேசி முடித்துக்கொண்டோம். இதை நாளுக்கு நாள் கேட்டுக்கொண்டிருந்தால் கேட்கிற நமக்கே அலுத்துப்போகும்.

இரண்டாவது முறை கணக்கியலில் 63.

அந்தத் தங்கைக்கு ஒன்பது மாதக் கைக்குழந்தை, இரவில் மூன்று முறை பால் கொடுக்க எழுகிறாள் என்று அப்புறம்தான் சொன்னாள். உடனே ஃபோன் பண்ணினேன். "என் அட்டவணையை எடுத்து வச்சிரும்மா, இது இப்ப உனக்கில்லை. ராத்திரி தூங்கு. மதியம் சாப்பிட்ட பிறகு இருபது நிமிஷம் கணக்கு மட்டும் போடு, கால்குலேட்டரை நான் தர்றேன்" என்றேன். நாளைக்கு எடுத்துப் போக வேண்டும்.