எழுதிய தொகை உச்சவரம்பு, அப்படியே கிடைக்கும் தொகை அல்ல

ஞாயிற்றுக்கிழமை நம் நண்பரோடு நடந்த சண்டை உங்களுக்குத் தெரியும். காண்ட்ராக்டர் வேலையைத் தாமதித்தால் நாளுக்கு இவ்வளவு தர வேண்டும் என்று அவர் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கிறார். "அக்ரிமென்ட்ல ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு இருக்கு, கோர்ட் அப்படியே வாங்கித் தரும்" என்று அவர் சொன்னார். தராது என்றேன். "நீ காண்ட்ராக்டர் ஆளா?" என்று கேட்டுவிட்டார். இருபது வருடப் பழக்கத்துக்கு அந்த ஒரு கேள்வி.

அதனால் இன்னொரு தடவை சொல்கிறேன். இங்கிலாந்தில் 2015 வரை முன்கூட்டியே மதிப்பிட்ட இழப்பீடு வேறு, பயமுறுத்தும் அபராதம் வேறு என்று பிரித்துப் பார்த்தார்கள். முதலாவது முழுசாகக் கிடைத்தது, இரண்டாவது செல்லவில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74 அந்தப் பிரிவினையையே பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது. பெயர் எதுவானாலும், எழுதிய தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடு. எழுதிய தொகை உச்சவரம்புதான்.

"நஷ்டத்தை நிரூபிக்கத் தேவையில்லைன்னு அதே பிரிவில் இருக்கே?" இருக்கிறது. ஆனால் நஷ்டத்தைக் கணக்குப் போட முடிகிற இடத்தில் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் சொல்லிவிட்டது. ஏலத்தில் 3.12 கோடிக்குக் கேட்ட மனை, முன்பணம் 78 லட்சம். டெல்லி வளர்ச்சி ஆணையம் அதைப் பறிமுதல் செய்துவிட்டு, அதே மனையை 11.78 கோடிக்கு விற்றது. ஏலதாரர் ஒப்பந்தத்தை மீறவே இல்லை என்றது நீதிமன்றம். அதோடு, ஆணையத்துக்கு நஷ்டமே இல்லை, அப்புறம் எதற்கு இழப்பீடு என்றும் சொல்லி, 78 லட்சத்தைத் திருப்பித் தர வைத்தது.

நானும் ஒருமுறை அவர் இடத்தில் இருந்தேன். புது அலுவலகத்தை மூன்று மாதம் தாமதமாக ஒப்படைத்தார்கள். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை எழுதியிருந்தோம், வாடகையைப் போல ஐந்து மடங்கு வரும். வக்கீல் ஒரே கேள்வி கேட்டார்: "பழைய இடத்துக்கு எத்தனை மாசம் கூடுதலா வாடகை கொடுத்தீங்க?" பிளாஸ்டிக் கவரில் மூன்று ரசீதுகள், ஒன்றில் மை பாதி அழிந்திருந்தது. கடைசியில் அந்த மூன்று ரசீதுத் தொகையும், சாமான் ஏற்றி இறக்கிய செலவும்தான் சமரசத்தில் வந்தது. அன்று எனக்கு வலித்ததை யாரும் கேட்கவில்லை. அதனால்தான் அவரிடம் முன்னாலேயே சொன்னேன்.

"அப்படின்னா எழுதுறதே வீணா?" இல்லை. கணக்கிட முடியாத நஷ்டத்துக்கு அந்த எண்தான் உதவும். ஓஎன்ஜிசி–சா பைப்ஸ் வழக்கில் (2003) கடல் துளையிடும் பணிக்கான குழாய்கள் தாமதமாக வந்தன. வாரத்துக்கு ஒரு சதவீதம், அதிகபட்சம் பத்து சதவீதம் என்ற பிடித்தம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். துளையிடும் பணி தள்ளிப்போவதால் வரும் நஷ்டத்தை யார் துல்லியமாக எண்ணுவது? தொகையும் அளவாக இருந்தது. நம்மவர் எழுதியிருப்பது அப்படியில்லை, பத்து வாரத்தில் ஒப்பந்தத் தொகையையே தாண்டிவிடும்.

இதைச் சொன்னதற்குத்தான் எதிராளியின் ஆள் ஆனேன். பரவாயில்லை. அவரிடம் ரசீதுகள் இருக்கின்றனவா என்று மட்டும் யாராவது கேளுங்கள். என் அழைப்பை அவர் எடுப்பதில்லை.