"என்னைத் தெரியுதா?" என்று கேட்கும் ஹாய்

"தெரியாதவங்க ஹாய் போட்டா பதிலே போடாதீங்க" என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய பக்கத்து வீட்டுக்காரர், கூடப் படித்தவர், நம் பதிவைப் படித்துவிட்டுச் சந்தேகம் கேட்க வருபவர் என உண்மையான ஆட்களும் அதே ஹாயோடுதான் வருகிறார்கள். பதில் போட விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம், அதற்கு யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. குறிப்பாகப் பெண்களுக்கு. ஆனால் ஹாய்க்குப் பதில் சொல்வதனால் மட்டும் பெரும்பாலும் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. அடுத்த நாலைந்து வரிகளில் நாமாகவே எடுத்துக் கொடுக்கும் விவரங்களில்தான் மாட்டிக்கொள்கிறோம்.

என் சித்தப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். அவருக்கு மெசஞ்சரில் ஒரு செய்தி வந்தது: "ஹாய் சார், நல்லா இருக்கீங்களா? என்னைத் தெரியுதா?" ப்ரொஃபைலில் முருகன் படம், பெயர் பாதிதான். சித்தப்பா ஆசையாக, "கண்ணனா? துபாய்ல இருந்தியே, அந்தக் கண்ணனா?" என்று கேட்டார். உடனே பதில், "ஆமா சார், கண்ணன்தான்!"

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். வந்தவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பெயர், ஊர் இரண்டையும் கொடுத்தது சித்தப்பா. "என்னைத் தெரியுதா?", "மறந்துட்டீங்களா?" என்ற கேள்விகளின் வேலையே அதுதான். மறந்துவிட்டோமோ என்ற கூச்சத்தில் நாமே ஒரு பெயரை எடுத்துக் கொடுப்போம், அவர்கள் அதையே தங்கள் பெயராக்கிக்கொள்வார்கள்.

அடுத்த வரி: "சார், போன் தொலைஞ்சுடுச்சு, உங்க வாட்ஸ்அப் நம்பர் அனுப்புங்க." அப்போதுதான் சித்தப்பா என்னிடம் காட்டினார். எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்கலாம் என்றார். அது உதவாது. அவர் வேலை பார்த்த பள்ளியின் பெயர் அவருடைய பக்கத்திலேயே இருக்கிறது, பார்த்துச் சொல்லிவிடலாம். அதனால் இல்லாத ஒன்றை விசாரிக்கச் சொன்னேன். கண்ணன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. "உங்க அண்ணன் சேகர் எப்படிப்பா இருக்கான்?" என்று கேட்டார். "நல்லா இருக்கான் சார், உங்களைக் கேட்டதாச் சொன்னான்" என்று வந்தது. பிளாக் செய்துவிட்டு, வேறொரு மாணவர் மூலம் உண்மையான கண்ணனிடம் பேசினோம். அப்படி ஒரு கணக்கே தனக்கு இல்லை என்றார்.

நான் பதில் போடும் முறை எளிது. நட்பில் இல்லாதவரின் செய்தி பெரும்பாலும் மெசேஜ் ரிக்வெஸ்ட் பகுதிக்குத்தான் வரும். அங்கே வைத்துப் படித்தால் படித்தது அனுப்பியவருக்குத் தெரியாது. பதில் போட்டால் ரிக்வெஸ்டை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அதனால் முதலில் அந்தக் கணக்கைப் பார்ப்பேன். படங்கள் எல்லாம் ஒரே நாளில் ஏற்றப்பட்டிருந்தால், பதிவுகளில் யாரோடும் உண்மையான பேச்சுவார்த்தை இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுவேன். பொதுவான நண்பர்கள் பத்துப் பேர் இருப்பதை ஒரு சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்களும் பார்க்காமல் ஏற்றுக்கொண்டவர்களாக இருக்கலாம்.

கணக்கு பரவாயில்லை என்று தோன்றினால் ஒரே வரி: "வணக்கம். நீங்கள் யார், எப்படிப் பழக்கம் என்று சொல்லுங்கள்." இதில் என் ஊரோ வேலையோ குடும்பமோ இல்லை. நான் எந்தப் பெயரையும் ஊகித்துச் சொல்வதும் இல்லை. உண்மையான ஆள் இதற்குக் கோபப்படுவதில்லை. பெயரும் விஷயமும் உடனே வந்துவிடும். மற்றவர்கள் பதில் சொல்லாமல் "எந்த ஊர் நீங்க?", "வீட்ல யார் யார்?" என்று திருப்பிக் கேட்பார்கள், இல்லையென்றால் சட்டென்று வீடியோ கால் போடுவார்கள். அறியாதவரின் வீடியோ காலை நான் எடுப்பதே இல்லை. நம் முகத்தைப் பதிவு செய்து, ஆபாசக் காட்சியோடு சேர்த்துப் பணம் கேட்டு மிரட்டுகிறார்கள்.

சரி, நம்பர் கேட்பது எதற்கு? நம் எண்ணை வைத்துத் தங்கள் போனில் வாட்ஸ்அப் திறக்கப் பார்ப்பது ஒரு வழி. அதற்கான 6 இலக்க எண் நமக்குத்தான் எஸ்எம்எஸ்ஸில் வரும். "தப்பா உங்களுக்கு வந்துடுச்சு, அதைக் கொஞ்சம் அனுப்புங்க" என்பார்கள். கொடுத்தால் நம் வாட்ஸ்அப் அவர்கள் கைக்குப் போய்விடும், பிறகு நம் பெயரில் நம் உறவினர்களிடமே அவசரப் பணம் கேட்பார்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போட்டு ஒரு பின் வைத்துவிட்டால், அந்த எண் மட்டும் கிடைத்து அவர்களால் உடனே உள்ளே நுழைய முடியாது. சித்தப்பா போனில் அன்றே போட்டுக் கொடுத்தேன், முகநூல் நண்பர் பட்டியலையும் அவருக்கு மட்டும் தெரியும்படி மாற்றினேன். யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டிருந்தால், வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். சீக்கிரம் சொன்னால்தான் அந்தப் பணம் கைமாறுவதற்குள் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.