நைட் லைட்டுக்கு முன்னால் எழுத்தின் அளவைப் பாருங்கள்

திரையில் படித்துப் படித்துக் கண் எரிகிறது என்று யார் சொன்னாலும், "நைட் லைட் போட்டுக்கோங்க" என்றுதான் முதலில் பதில் வருகிறது. திரையின் நிறத்தை மஞ்சளாக்கும் அந்த வசதியை முதலில் நாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மணிக்கணக்கில் படிப்பவர்களின் கண்ணைப் பெரும்பாலும் களைப்பாக்குவது திரையின் நிறம் இல்லை. எழுத்து சின்னதாக இருப்பதும், அறை வெளிச்சத்தோடு திரை ஒட்டாமல் இருப்பதும்தான். அதனால் முதலில் அளவு, அப்புறம் பிரகாசம், கடைசியில் நைட் லைட் என்ற வரிசையில் போவதே சரி.

ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். 24 அங்குல மானிட்டர் ஒன்று, 14 அங்குல லேப்டாப் ஒன்று, இரண்டுமே 1920×1080 என்று வைத்துக்கொள்வோம். பல இணையப் பக்கங்களில் எழுத்தின் அளவு 16 பிக்சல். மானிட்டரில் அது ஏறத்தாழ 4.4 மில்லிமீட்டர், லேப்டாப்பில், திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் Scale என்ற அமைப்பு 100% என்று இருந்தால், வெறும் 2.6 மில்லிமீட்டர். மானிட்டரை 65 செ.மீ. தள்ளி வைத்து வசதியாகப் படிக்கும் ஒருவர், லேப்டாப்பில் அதே எழுத்து அதே அளவில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் 38 செ.மீ. வரை நெருங்க வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் நாள் முழுக்கக் குவிப்பதுதான் கண்ணுக்கு வேலை வைக்கிறது. கழுத்தும் சேர்ந்து வலிக்கிறது.

விண்டோஸில் Settings > System > Display போய் Scale-ஐ 150% ஆக்கினால் அதே எழுத்து 3.9 மில்லிமீட்டர் ஆகிவிடும். 55 செ.மீ. தள்ளி உட்கார்ந்தே படிக்கலாம். பலர் இதற்குப் பதிலாக ரெசல்யூஷனைக் குறைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எழுத்து பெரிதாகும், ஆனால் திரையின் பிக்சல்களோடு பொருந்தாமல் ஓரங்கள் மங்கிவிடும். மங்கலான எழுத்தைத் தெளிவாக்கக் கண் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். ரெசல்யூஷன் எப்போதும் Recommended என்று காட்டுவதிலேயே இருக்கட்டும்.

150% வைத்தால் திரையில் இடம் குறையும், உண்மைதான். இடம் முக்கியம் என்றால் 125% வைத்துவிட்டு Accessibility > Text size-இல் எழுத்தை மட்டும் கூட்டலாம். இது எல்லா நிரல்களிலும் வேலை செய்யாது. சில இடங்களில் பட்டன் எழுத்து வெட்டுப்படும். உலாவியில் Ctrl-ஐப் பிடித்துக்கொண்டு + அழுத்துவது இன்னும் எளிது. குரோம், தளத்துக்குத் தளம் அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஸ்கேலிங்கை மாற்றியதும் ஏதோ ஒரு பழைய நிரல் மட்டும் மங்கலாகத் தெரிந்தால், ஸ்கேலிங்கே மோசம் என்று திரும்பிப் போய்விடாதீர்கள். அந்த நிரலின் கோப்பில் வலது கிளிக் செய்து, Properties > Compatibility > Change high DPI settings-இல் கடைசியில் இருக்கும் Override தேர்வை இட்டு Application என்று கொடுத்துப் பாருங்கள். எழுத்து கூர்மையாகி, ஆனால் மிகச் சின்னதாகிவிட்டால் System (Enhanced) கொடுத்துப் பார்க்கலாம்.

போதுமான அளவு வந்துவிட்டதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. வழக்கமாக உட்காரும் தூரத்தைப் போல மூன்று மடங்கு பின்னால் போய் நில்லுங்கள். அங்கிருந்தும் தட்டுத்தடுமாறியாவது படிக்க முடிந்தால் அளவு சரி. இதைத் தமிழ்ப் பக்கத்தை வைத்தே செய்யுங்கள். ன, ண இரண்டின் சுழிகளும், மேலே வைக்கும் புள்ளியும் எழுத்து சின்னதானால் முதலில் கலங்குபவை. ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாமல் போகலாம்.

அடுத்து பிரகாசம். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையின் வெண்மை விளக்குப் போல ஒளிர்ந்தால் குறைக்க வேண்டும். தாளைவிட மங்கி அழுக்காகத் தெரிந்தால் கூட்ட வேண்டும். பகலுக்கும் இரவுக்கும் இது மாறும் என்பதால் ஒரே அளவில் விட்டுவைக்காதீர்கள்.

இனி நைட் லைட். அது நீல ஒளியைக் குறைக்கிறது. அதோடு திரையின் மொத்த ஒளியும் கொஞ்சம் இறங்குகிறது. போட்டதும் "ஆஹா, இதமாக இருக்கிறதே" என்று தோன்றுவதில் அந்த மங்கலுக்கும் பங்கு உண்டு. திரையால் வரும் கண் களைப்புக்கு நீல ஒளி காரணமல்ல, திரையை நாம் பயன்படுத்தும் விதமே காரணம் என்று அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமியும் சொல்கிறது. இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் படிப்பவர்கள் Strength-ஐ 30, 40 அளவில் வைத்துக்கொள்ளலாம். திரை அறையோடு ஒத்துப்போகும். முழுக்க ஏற்றினால் பக்கம் ஆரஞ்சாகி, நீல இணைப்புகள் கறுப்பு எழுத்தோடு கலந்து, படிப்பதே சிரமமாகும்.

இவ்வளவும் செய்த பிறகும் எழுத்து இரட்டையாகவோ மங்கலாகவோ தெரிந்தால் கண்ணைப் பரிசோதியுங்கள். போகும் முன் கண்ணிலிருந்து திரை வரை அளந்து, அந்த செ.மீ. கணக்கை மருத்துவரிடம் சொல்லுங்கள். படிக்கும் கண்ணாடியின் பவரைப் பெரும்பாலும் 40 செ.மீ. தூரத்துக்குத்தான் பார்க்கிறார்கள். உங்கள் திரை 60 செ.மீ. தள்ளி இருந்தால் அந்தக் கண்ணாடி திரைக்குப் பொருந்தாது.