வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி யாருடைய நேரம்?

"யூடியூபில் வீடியோவை வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போடுங்கள், பார்வைகள் கொட்டும்" என்று முதன்முதலில் சொன்ன அந்த மகானுபாவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். வண்ணவண்ணக் கட்டங்களோடு, "தங்க நேரம்" என்ற தலைப்போடு, யாருடைய சேனலிலிருந்து எடுத்த தரவு என்ற ஒரு வரிகூட இல்லாமல் ஒரு படத்தைத் தயாரித்து உலவவிட்டு விடுகிறார்கள். அதை நம்பி நான் எட்டு மாதங்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை ஆறு மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கோபத்தில் பாதி அவர்கள் மீது. மீதிப் பாதி, என் பார்வையாளர்கள் எப்போது வருகிறார்கள் என்ற விவரம் என் சேனலுக்குள்ளேயே கிடந்தும் அதைத் திறந்து பார்க்காமல் இருந்த என் மீது.

நான் நடத்துவது மிதிவண்டி பழுதுபார்ப்பு பற்றிய ஒரு சிறிய சேனல். வாரத்துக்கு ஒரு வீடியோ. சங்கிலியை மாற்றுவது, பிரேக்கைச் சரிசெய்வது போன்ற வேலைகள். இதைப் பார்ப்பவர் யார்? வேலை முடிந்து, சாப்பிட்டு, அதன்பிறகு கையில் கைப்பேசியோடு சாய்பவர். அல்லது விடுமுறை நாளில் மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் தேடுபவர். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு இவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. ஆனாலும் எட்டு மாதங்கள்!

யூடியூப் ஸ்டுடியோவில் Analytics பகுதிக்குச் சென்று, Audience என்ற தாவலைத் திறந்தால், When your viewers are on YouTube என்ற பெயரில் ஊதா நிறத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. ஏழு கிழமைகளும் ஏழு பட்டைகளாக நிற்கும். ஒவ்வொரு பட்டையும் மணிவாரியாகப் பிரிந்திருக்கும். எந்த மணியில் நிறம் அடர்கிறதோ அந்த மணியில் உங்கள் பார்வையாளர்கள் அதிகம் பேர் இணைப்பில் இருந்தார்கள் என்று பொருள். கடந்த 28 நாட்களின் நிலவரம் அது, அதுவும் உங்கள் கடிகார நேரத்திலேயே காட்டப்படுகிறது. முதல்முறை அதைத் திறந்தபோது எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. வெள்ளிக்கிழமை ஆறு மணிக் கட்டம் தண்ணீரில் கரைத்த மை போல வெளிறிக் கிடந்தது. சனி, ஞாயிறு இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மட்டும் கத்தரிக்காய்த் தோல் போலக் கறுத்திருந்தது.

சரி, இனி விமோசனம் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை, மிகக் கறுத்த கட்டம் எதுவோ அதையே குறிவைத்து, இரவு ஒன்பதரைக்கு அப்லோடு செய்து உடனே வெளியிட்டேன். பத்து நிமிடத்தில் எனக்கு எடிட்டிங் செய்து தரும் தம்பி தொலைபேசியில் அழைத்தான். "அண்ணா, வீடியோ மங்கலா இருக்குன்னு நாலு பேர் எழுதிட்டாங்க, பாத்தீங்களா?" பார்த்தேன். உண்மைதான். வீடியோ ஏறியவுடன் முதலில் குறைந்த தெளிவில்தான் கிடைக்கும். உயர் தெளிவுப் பதிப்பு பின்னால் தயாராகிக்கொண்டிருக்கும், 4K என்றால் மேலும் காத்திருக்க வேண்டும். திருகாணியின் மரை தெரிய வேண்டிய வீடியோவில் திருகாணியே தெரியவில்லை. அது தெளிவாவதற்குள் மணி பதினொன்றரை. கூட்டம் தூங்கப் போய்விட்டது. ஆக, நேரம் சரியாக இருந்தும் நான் போட்ட விதம் தவறு.

இங்கேதான் யாரும் நமக்கு உரக்கச் சொல்லாத விஷயம் இருக்கிறது. அந்தக் கறுத்த கட்டம் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்தைக் காட்டுகிறதே தவிர, வீடியோவை வெளியிட வேண்டிய நேரத்தைக் காட்டவில்லை. உச்சத்தில் வெளியிட்டால், அறிவிப்பு போய்ச் சேர்ந்து, முகப்புப் பக்கத்தில் வீடியோ சிலருக்குக் காட்டப்பட்டு, அவர்கள் அதைச் சொடுக்குகிறார்களா என்பது தெரியவருவதற்குள் உச்சம் சரியத் தொடங்கிவிடும். எனவே நிறம் ஏறத் தொடங்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். எனக்கு அது ஏழரை மணி. இப்போது முதல் நாளே ஏற்றிவிட்டு, உயர் தெளிவுப் பதிப்பு தயாராகிவிட்டதையும் காப்புரிமைச் சோதனை முடிந்துவிட்டதையும் பார்த்த பிறகு, மறுநாள் ஏழரைக்கு வெளியாகும்படி ஷெட்யூல் செய்து வைத்துவிடுகிறேன். அலாரமும் இல்லை, பதற்றமும் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்கவே மாட்டேன். உண்மையில் என்னை ஆட்டிவைத்தது அடுத்து நடந்ததுதான். இரண்டு மாதங்கள் கழித்து, டயரில் காற்றிறங்குவதைப் பற்றிய என் பழைய வீடியோ ஒன்று எதிர்பாராமல் வெளிநாட்டில் பரவியது. பேச்சே இல்லாமல் கைவேலையை மட்டும் காட்டும் வீடியோ என்பதால் மொழி ஒரு தடையாக இருக்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஊதா வரைபடத்தைத் திறந்தால், கறுத்த கட்டங்கள் அதிகாலை மூன்று மணிப் பக்கம் நகர்ந்திருந்தன. நானும் அசடு மாதிரி, "பார்வையாளர்கள் மாறிவிட்டார்கள்" என்று முடிவுகட்டி, அடுத்த மூன்று வீடியோக்களை அதிகாலையில் வெளியிட்டேன். மூன்றும் படுத்துவிட்டன. டயர் வீடியோவுக்காக வந்தவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனவர்கள். என் அடுத்த வீடியோவுக்காகக் காத்திருந்தவர்களோ அந்நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் அவர்கள் கைப்பேசியைத் திறக்கும்போது என் அறிவிப்பு மற்ற அறிவிப்புகளுக்கு அடியில் புதைந்திருந்தது.

அந்த வரைபடம் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது, உங்கள் சேனலைப் பார்த்தவர்கள் யூடியூபில் எங்காவது, எதையாவது பார்த்துக்கொண்டிருந்த நேரத்தைக் காட்டுகிறது. அவர்கள் உங்கள் வீடியோவைத்தான் பார்த்தார்கள் என்று அது சொல்லவில்லை. அவர்களில் எத்தனை பேர் திரும்பத் திரும்ப வருபவர்கள், எத்தனை பேர் வழிப்போக்கர்கள் என்றும் அது பிரித்துக் காட்டுவதில்லை. எண்ணும் இல்லை, நிறத்தின் அடர்த்தி மட்டும்தான். உங்கள் உச்சம் ஐம்பது பேரா ஐயாயிரம் பேரா என்பது அந்தக் கறுப்பில் தெரியாது. எல்லோரையும் ஒரே பானையில் போட்டு வேகவைத்த கணக்கு அது.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? கறுத்த கட்டம் திடீரென இடம் மாறினால், முதலில் நாடுவாரியான கணக்கைத் திறந்து பாருங்கள். புதிதாக ஒரு நாடு மேலே ஏறியிருக்கிறதா என்று தெரியும். பிறகு திரும்பி வரும் பார்வையாளர்களின் கோட்டைப் பாருங்கள். புதியவர்களின் கோடு மட்டும் எகிறி, திரும்பி வருபவர்களின் கோடு அப்படியே கிடந்தால், உங்கள் வீட்டுக்காரர்கள் மாறவில்லை, திருவிழாக் கூட்டம் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். நேரத்தை மாற்றாதீர்கள். என் வரைபடம், டயர் வீடியோவின் அலை ஓய்ந்து சுமார் ஒரு மாதத்தில், பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. 28 நாள் கணக்கிலிருந்து அந்தக் கூட்டம் வெளியேறிவிட்டது, அவ்வளவுதான்.

சிறிய சேனல்களுக்குப் போதிய தரவு இல்லையென்று அந்த ஊதா வரைபடமே வராமல் போவதும் உண்டு. அப்போது கைகொடுப்பது, கடந்த 48 மணி நேரப் பார்வைகளை மணிக்கொரு பட்டையாகக் காட்டும் நேரடிக் கணக்கு. புதிய வீடியோ எதுவும் போடாத இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுத்து அதைக் குறித்து வையுங்கள், ஏனென்றால் புதிதாகப் போட்ட வீடியோ அந்த மணியையே உச்சமாக்கி நம்மை ஏமாற்றிவிடும். மூன்று நான்கு வாரங்கள் இப்படிக் குறித்தால் ஒரு வடிவம் தெரியத் தொடங்கும். ஒரு வகையில் ஊதா வரைபடத்தை விட இது நேர்மையானது. இதில் பதிவாவது உங்கள் வீடியோவைப் பார்த்தவர்கள் மட்டுமே. அன்றாடக் கணக்குகளில் ஒரு நாள் என்பது அமெரிக்காவின் பசிபிக் நேரப்படிதான் தொடங்கி முடிகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். கிழமைக் கணக்கு பார்த்துக் குழம்பி, ஞாயிற்றுக்கிழமைக்குரிய பெருமையைச் சனிக்கிழமைக்குக் கொடுத்த அனுபவம் எனக்குண்டு.

எல்லாம் சரி, நேரத்தை மாற்றியதால் எனக்கு என்ன கிடைத்தது? வெள்ளி ஆறு மணிக்குப் போட்ட கடைசி ஆறு வீடியோக்களையும், சனி ஏழரைக்குப் போட்ட ஆறு வீடியோக்களையும், ஒரே மாதிரித் தலைப்புகளாகத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டேன். முதல் 24 மணி நேரத்தில் சராசரியாக வெள்ளிக்கு 410 பார்வைகள், சனிக்கு 640. துள்ளிக் குதித்தேன். பிறகு ஒவ்வொன்றின் முதல் 28 நாட்களையும் எடுத்துப் பார்த்தேன்: 3,900, 4,050. கிட்டத்தட்ட ஒன்றேதான்! வெளியிடும் நேரம் ஒரு வீடியோவின் நீண்டகாலப் பார்வைகளைப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்று யூடியூபின் உதவிப் பக்கமே சொல்லியிருக்கிறது; அந்த வாக்கியத்தைப் படிக்காமல்தான் "தங்க நேரம்" விற்பவர்களின் பின்னால் ஓடியிருக்கிறேன். எனக்குக் கிடைத்த லாபம், முதல் நாளிலேயே கேள்வி கேட்பவர்கள் வந்துவிடுகிறார்கள், நானும் விழித்திருக்கும்போதே பதில் சொல்ல முடிகிறது என்பது. நேரலைக்கும் பிரீமியருக்கும் இது மிகவும் முக்கியம், அங்கே ஆளில்லாத அரங்கில் பேச முடியாது. ஆனால் தேடலில் வந்து விழும் பழுதுபார்ப்பு வீடியோவுக்கு, மூன்று வாரம் கழித்து சங்கிலி அறுந்து வருபவரிடம் நீங்கள் அதை எத்தனை மணிக்கு வெளியிட்டீர்கள் என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

இதையெல்லாம் நண்பர் ஒருவரிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டவர், நேற்று இரவு புதிய "தங்க நேரம்" படம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். இம்முறை வியாழன் பிற்பகல் மூன்று மணியாம். என் வரைபடத்தில் அந்தக் கட்டத்தைத் தேடிப் பார்த்தேன். வாரத்திலேயே மிக வெளிறிய கட்டம் அதுதான்.